தூக்கமா, மருந்தின் மயக்கமா? அறுவைக்குப் பிறகு ஓபியாய்டு வலி மருந்து எடுப்பவரை வீட்டில் கவனிக்கும் முறை

அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தவர் வலியில் முனகிக்கொண்டே இருந்து, மாத்திரை போட்டதும் அடங்கி, வாயைத் திறந்து குறட்டை விட ஆரம்பித்தால் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதியாக இருக்கும். ‘பாவம், இப்போதுதான் கண் அசந்தார், எழுப்பாதீர்கள்’ என்று விளக்கை அணைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அறுவை முடிந்தவர்களைப் பார்த்துக்கொள்ளும் வார்டில் பல வருடம் செவிலியராக இருந்தவள் நான். என்னைக் கவலைப்பட வைத்தது வலியில் கத்துகிறவர் அல்ல, இப்படித் திடீரென்று அமைதியாகிவிடுகிறவர்தான்.

மார்ஃபின், ஃபெண்டனில், ஆக்சிகோடோன், கோடீன், டிரமடால், டேபன்டடால் ஆகியவை எல்லாம் ஓபியாய்டு வகை வலி மருந்துகள். அறுவைக்குப் பிந்தைய கடும் வலிக்கு இவை நன்றாகக் கேட்கும். மருத்துவர் சொன்னபடி சில நாட்கள் எடுத்துக்கொள்வதில் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் வலியை அடக்கும் அதே மருந்து, மூளைத்தண்டில் மூச்சை நடத்தும் பகுதியையும் மந்தமாக்குகிறது. சாதாரணமாக ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு கூடினால் மூளை ‘மூச்சு விடு’ என்று விரட்டும். ஓபியாய்டு கூடிப்போனால் அந்த விரட்டல் குறைந்துவிடும். ஆளுக்கு மூச்சுத் திணறாது, தவிப்பும் இருக்காது. கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு குறைந்து நின்றுபோகும். சத்தம் போட்டு உதவி கேட்க அவரால் முடியாது. அதனால்தான் பக்கத்தில் இருப்பவர் பார்க்க வேண்டியிருக்கிறது.

இதில் நமக்குச் சாதகமான விஷயம் ஒன்று உண்டு. பெரும்பாலும் மூச்சு குறைவதற்கு முன்னால் மயக்கம் கூடும். அந்த மயக்கத்தைச் சரியான நேரத்தில் அடையாளம் கண்டுகொண்டால் பெரிய ஆபத்து வரைக்கும் போகாது.

வீட்டுக்குக் கிளம்பும் முன் கேட்க வேண்டியவை

மருந்துச் சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். செவிலியரையோ மருந்தாளுநரையோ உட்காரவைத்துச் சிலவற்றைக் கேளுங்கள். இதில் ஓபியாய்டு மருந்து எது? இரண்டு வேளைக்கு நடுவில் குறைந்தது எத்தனை மணி நேரம் இருக்க வேண்டும்? 24 மணி நேரத்தில் அதிகபட்சம் எத்தனை? இது உடனே வேலை செய்யும் மாத்திரையா, மெதுவாகக் கரைகிற நீள்வகை மாத்திரையா? நீள்வகை என்றால் அதை உடைக்கவோ பொடி செய்யவோ கூடாது. நாள் முழுக்கப் பிரிந்து வரவேண்டிய மருந்து ஒரே நேரத்தில் இறங்கிவிடும்.

பலரும் கேட்க மறக்கும் கேள்வி ஒன்று இருக்கிறது: ‘முதுகில் போட்ட ஊசியில் மார்ஃபின் சேர்த்தீர்களா? எத்தனை மணிக்கு?’ தண்டுவட ஊசியில் மார்ஃபின் சேர்த்திருந்தால் அதன் மூச்சு மந்தம் பல மணி நேரம் கழித்தும் வரலாம். அதனால் 24 மணி நேரம் வரை கண்காணிப்பார்கள். கால், கை நரம்பை மரக்கச் செய்யும் ஊசி போட்டிருந்தால் அது எப்போது விடும் என்பதையும் கேளுங்கள். அது ஏன் முக்கியம் என்று கீழே சொல்கிறேன்.

அப்புறம், நோயாளி ஏற்கெனவே எடுக்கும் மருந்துகளின் முழுப் பட்டியலையும் காட்டுங்கள். தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கும் அல்பிரசோலம், குளோனசெபாம், டயசெபாம், சோல்பிடெம், நரம்பு வலிக்குக் கொடுக்கும் கபாபென்டின், பிரிகாபலின், தூக்கம் வரவைக்கும் சளி, அலர்ஜி மருந்துகள் ஆகியவை ஓபியாய்டுடன் சேரும்போது மயக்கம் பல மடங்காகலாம். மதுவும் அப்படித்தான். மது பழக்கம் இருந்தால் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள். ஒன்று கவனம்: வருடக்கணக்கில் எடுத்துவரும் தூக்க மாத்திரையை நீங்களாகத் திடீரென்று நிறுத்தினாலும் வலிப்பு வரைக்கும் போகலாம். என்ன செய்வது என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

இன்னும் சிலருக்கு ஆபத்து கூடுதல். வயதானவர்கள், உடல் பருமன் உள்ளவர்கள், நுரையீரல் நோய் உள்ளவர்கள், இதுவரை ஓபியாய்டே எடுத்துப் பழகாதவர்கள், சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதவர்கள். சிறுநீரகம் மந்தமானால் மார்ஃபின், கோடீன் போன்றவற்றின் கழிவுகள் உடலில் தங்கி மயக்கத்தை நீட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தூக்கத்தில் மூச்சு விட்டுவிட்டு வரும் கோளாறு உள்ளவர்கள். ‘எங்கள் வீட்டுக்காரர் உரக்கக் குறட்டை விடுவார், நடுவில் திடீரென்று நின்றுவிடும், அப்புறம் திணறி இழுப்பார்’ என்று யாராவது சொன்னால், பரிசோதனையே செய்யாவிட்டாலும் அந்தக் கோளாறு இருக்கலாம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அவரிடம் மூச்சுக் கருவி இருந்தால் பகல் தூக்கத்துக்கும் அதைப் போட வேண்டும்.

கடைசியாக, நலாக்சோன் மூக்கு ஸ்பிரே கிடைக்குமா என்று கேளுங்கள். ஓபியாய்டின் வேலையைத் தடுத்து மூச்சைத் திரும்பக் கொண்டுவரும் மாற்று மருந்து இது. எல்லா இடத்திலும் கிடைக்காது, ஆனால் கேட்பதில் நஷ்டமில்லை.

ஒரு தாள், ஒரு பேனா, ஒரே ஆள்

மருந்து கொடுக்கும் பொறுப்பு ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். கொடுத்ததும் நேரம், மருந்தின் பெயர், எத்தனை மாத்திரை என்று எழுதுங்கள். நான் பார்த்த தவறுகளில் பாதி, ‘நான் கொடுத்தது தெரியாமல் அவளும் கொடுத்துவிட்டாள்’ என்பதுதான்.

இன்னொரு பாதி, அவசரத்தால் வருவது. உடனே வேலை செய்யும் மாத்திரையே உச்சத்துக்கு வர ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். அரை மணி நேரத்தில் வலி குறையவில்லை என்று இன்னொன்று போட்டால், இரண்டும் பின்னாடி ஒன்றன்மேல் ஒன்று ஏறும். ஆள் தூங்கிய பிறகுதான் இரண்டின் உச்சமும் வரும்.

மருத்துவர் அனுமதித்திருந்தால் பாராசிட்டமாலை வலி வரும் வரை காத்திராமல் நேரத்துக்குக் கொடுங்கள். அப்படிச் செய்தால் ஓபியாய்டின் தேவையே குறையும். சில ஓபியாய்டு மாத்திரைகளில் பாராசிட்டமால் ஏற்கெனவே கலந்திருக்கும் என்பதால் அட்டையைப் படித்து இரண்டையும் கூட்டிக் கணக்குப் பாருங்கள்.

மருத்துவமனையில் இருக்கும்போது, வலி வந்தால் நோயாளியே அழுத்திக்கொள்ளும் பொத்தான் உள்ள பம்ப் போட்டிருந்தால் அதை அவரைத் தவிர யாரும் தொடக் கூடாது. மயக்கம் கூடியவர் பொத்தானை அழுத்த மாட்டார், மருந்தும் இறங்காது. அந்தக் கருவியின் பாதுகாப்பே அதில்தான் இருக்கிறது. ‘தூங்குகிறாரே, முழித்தால் வலிக்குமே’ என்று பாசத்தில் மகன் அழுத்தினால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

இரவில் பார்ப்பது எப்படி

முதல் இரண்டு இரவுகளுக்கு நான் வீட்டாரிடம் சொல்வது இது. ஓபியாய்டு கொடுப்பதற்கு முன் ஒருமுறை, கொடுத்து ஒரு மணி நேரம் கழித்து ஒருமுறை, அதன் பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாருங்கள். அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். பார்க்கும்போது வரிசை முக்கியம்: முதலில் எண்ண வேண்டும், பிறகுதான் எழுப்ப வேண்டும்.

தொடாமல், பேசாமல் நின்று நெஞ்சையோ வயிற்றையோ பாருங்கள். ஒருமுறை எழும்பி இறங்கினால் ஒரு மூச்சு. கடிகாரம் பார்த்து முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்காதீர்கள். ஓபியாய்டு மூச்சு சீராக இருக்காது, நாலைந்து மூச்சு வந்து அப்புறம் ஒரு நீண்ட இடைவெளி விழும். அந்த இடைவெளி உங்கள் 15 விநாடிக்குள் வராமல் போய்விடலாம். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இயல்பு. எண்ணிக்கையோடு ஆழத்தையும் பாருங்கள். நெஞ்சு அசைகிறதா என்றே சந்தேகம் வரும் அளவுக்கு மேலோட்டமாக இருந்தால், எண்ணிக்கை 12 இருந்தாலும் அது நல்ல மூச்சு இல்லை.

ஏன் எழுப்பும் முன் எண்ண வேண்டும்? தொட்டாலோ கூப்பிட்டாலோ மூளைக்கு ஒரு தூண்டல் கிடைத்து மூச்சு உடனே கொஞ்சம் தேறும். விரலில் ஆக்சிமீட்டர் மாட்டும்போதே ஆள் அசைவார், நாலு நல்ல மூச்சு விடுவார், எண்ணும் ஏறிவிடும். நீங்கள் ‘எல்லாம் சரி’ என்று போனதும் மறுபடி சரிவார். அதனால் ஆக்சிமீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். அதுவும் ஆக்சிஜன் வைத்திருப்பவருக்கு, மூச்சு பாதியாகக் குறைந்திருந்தாலும் அந்தக் கருவி வெகுநேரம் நல்ல எண்ணையே காட்டலாம்.

எண்ணிய பிறகு, சாதாரணக் குரலில் பெயரையோ உறவையோ சொல்லிக் கூப்பிடுங்கள். இயல்பான தூக்கம் என்றால் கண் திறந்து, ‘என்ன, மணி என்ன?’ என்று சலித்துக்கொள்வார். ஏன் எழுப்பினாய் என்று எரிந்து விழுந்தால் எனக்கு மிகவும் சந்தோஷம். ஒரு முழு வாக்கியம் பேசவைக்கும் கேள்வியாகக் கேளுங்கள். ‘வலிக்குதா?’ என்றால் ‘ம்’ என்பார், அதை வைத்து எதுவும் தெரியாது. ‘மத்தியானம் யார் வந்து பார்த்தார்கள்?’ என்று கேளுங்கள்.

பதில் சொல்ல ஆரம்பித்து, வாக்கியம் முடிவதற்குள் கண் சொருகிப் பாதியிலேயே தூங்கிவிட்டால், அதுதான் நான் இவ்வளவு நேரம் சொல்லவந்த அடையாளம். வார்டில் நாங்கள் மயக்கத்துக்கு மதிப்பெண் போடுவோம். கூப்பிட்டதும் தெளிவாக எழுபவருக்கு அடுத்த வேளை மருந்து கொடுக்கலாம். பேச்சின் நடுவில் தூங்கிவிடுபவருக்கு, மூச்சு இன்னும் நன்றாக இருந்தாலும், அடுத்த வேளை கிடையாது. உடனே மருத்துவரைக் கூப்பிடுவோம். வீட்டிலும் அதேதான். ‘வலிக்குது’ என்று அவரே முனகினாலும் கொடுக்கக் கூடாது. வலியும் அளவுக்கு மீறிய மயக்கமும் ஒரே ஆளிடம் ஒரே நேரத்தில் இருக்க முடியும்.

ஒரு இரவு, மணிக்கணக்கில்

பல வீடுகளில் நடப்பதை ஒன்றாக்கிச் சொல்கிறேன். முழங்கால் மாற்று அறுவை செய்துகொண்ட 68 வயதுக்காரர். கனத்த உடம்பு, பல வருடக் குறட்டை, இரவில் அரை மில்லிகிராம் குளோனசெபாம் போடும் பழக்கம். வலிக்கு 5 மில்லிகிராம் ஆக்சிகோடோன், தேவைப்பட்டால் மட்டும், 6 மணி நேரத்துக்கு ஒன்று.

அறுவைக்கு மறுநாள் மதியம் வீட்டுக்கு வந்தார். நரம்பு ஊசியின் மரப்பு இருந்ததால் வலியே தெரியவில்லை. ‘மாத்திரையே வேண்டாம் போல’ என்று சிரித்துப் பேசினார். இரவு 8 மணிக்கு மரப்பு விட்டது. வலி ஒரேயடியாக ஏறியது. மனைவி ஒரு மாத்திரை கொடுத்தார். 8.40 ஆகியும் வலி அடங்கவில்லை. மகன் வெளியிலிருந்து வந்து, அப்பா துடிப்பதைப் பார்த்து, இன்னொன்று கொடுத்தான். யாரும் எழுதவில்லை. 10 மணிக்கு அவரே வழக்கம்போலக் குளோனசெபாமைப் போட்டுக்கொண்டார்.

மூன்றுமே தனித்தனியாகப் பார்த்தால் சின்ன அளவுதான். இதுவரை வலியே அவரை விழிப்பாக வைத்திருந்தது. 10.30க்கு மேல் இரண்டு மாத்திரையும் சேர்ந்து வலியை அடக்கியதும் அந்தத் தூண்டல் போய்விட்டது. தூக்க மாத்திரையும் ஏறத் தொடங்கியது. 11.30க்குக் குறட்டை. வழக்கமான குறட்டை இல்லை, தண்ணீருக்குள் ஊதுவதுபோலக் கொரகொரவென்று ஒரு சத்தம், நடுநடுவே நிசப்தம்.

12 மணிக்கு மகள் எழுந்து பார்த்தாள். எண்ணினாள்: 9. கூப்பிட்டாள், கண் திறந்தார். ‘யாருப்பா வந்தாங்க சாயங்காலம்?’ ‘உங்க மாமா வந்து...’ அவ்வளவுதான், வாய் அப்படியே நின்றுவிட்டது. அவள் தலைமாட்டை உயர்த்தி, தோளைத் தட்டிப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே, மருத்துவமனை கொடுத்திருந்த எண்ணுக்குப் போன் செய்யச் சொன்னாள். 12.10க்குத் தோளை உலுக்கினால்தான் கண் திறந்தது. எண்ணிக்கை 7, நடுவில் 12 விநாடி மூச்சே இல்லை. உதடு சாம்பல் நிறம். அவள் அதற்கு மேல் காத்திருக்காமல் ஆம்புலன்ஸை அழைத்தாள். மருத்துவமனையில் ஆக்சிஜனும் கொஞ்சம் கொஞ்சமாக நலாக்சோனும் கொடுத்து, மறுநாள் மதியம் வரை கண்காணித்து அனுப்பினார்கள்.

இதில் மகனைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. மரப்பு இரவில் விடும் என்றும், அது விடும் முன்பே சொன்ன அளவில் மருந்தைத் தொடங்கலாமா என்றும் கிளம்பும்போதே பேசியிருக்க வேண்டும்.

மருந்து மிஞ்சிவிட்டதன் அடையாளங்கள்

உரக்கக் கூப்பிட்டும், உலுக்கியும் எழாதது. மூச்சு நிமிடத்துக்கு 8 அல்லது அதற்குக் கீழ், அல்லது 10 விநாடிக்கு மேல் மூச்சே வராத இடைவெளி. கொரகொரப்பு, நீரில் மூழ்கியதுபோன்ற குறட்டை. உதடும் நகமும் நீலமாகவோ சாம்பலாகவோ மாறுவது. கறுத்த தோலில் இது முகத்தில் தெரியாது. உதட்டின் உள்பக்கத்தையும் ஈறையும் நகக்கண்ணையும் விளக்கடித்துப் பாருங்கள். உடம்பு துவண்டு, தோல் குளிர்ந்து பிசுபிசுப்பது. கண்ணின் கருமணி குண்டூசி முனை அளவுக்குச் சுருங்குவது.

இதில் கருமணி அடையாளத்தை மட்டும் தேடிக்கொண்டிருக்காதீர்கள். மூச்சு இல்லாமல் வெகுநேரம் ஆனால் கருமணி விரியவும் செய்யும். டிரமடால் மிஞ்சினால் வலிப்பும் வரலாம். எல்லா அடையாளமும் சேர்ந்து வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். எழாததும் மூச்சுக் குறைவும் இருந்தால் போதும்.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியது

1. காதருகில் பெயர் சொல்லிக் கத்துங்கள். எழவில்லை என்றால் விரல் முட்டிகளால் நெஞ்செலும்பின் நடுவில் அழுத்தித் தேயுங்கள்.

2. அதற்கும் சரியாக எழவில்லை என்றால் ஆம்புலன்ஸை அழையுங்கள். போனை ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் வையுங்கள். ‘அறுவை முடிந்தவர், ஓபியாய்டு மாத்திரை எடுத்தார், மூச்சு இவ்வளவுதான் இருக்கிறது’ என்று சொல்லுங்கள்.

3. நலாக்சோன் ஸ்பிரே இருந்தால் மல்லாக்கப் படுக்கவைத்து, தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து ஒரு மூக்குத் துளையில் முழுவதும் அடியுங்கள். 2, 3 நிமிடத்தில் மூச்சு தேறவில்லை என்றால் இன்னொன்றை மறு துளையில் அடியுங்கள். காரணம் ஓபியாய்டு இல்லாமல் வேறாக இருந்தாலும் இதனால் பெரிய கெடுதல் வராது, தயங்க வேண்டாம்.

4. மூச்சே இல்லை, அல்லது எப்போதோ ஒருமுறை வாயைப் பிளந்து இழுக்கிறார் என்றால் அதை மூச்சாகக் கணக்கெடுக்காதீர்கள். நெஞ்சின் நடுவில் இரு கையாலும் நிமிடத்துக்கு 100 முதல் 120 வீதம் அழுத்துங்கள். வாய்மூச்சு கொடுக்கத் தெரிந்தவர் நீங்கள் என்றால் 30 அழுத்தலுக்கு 2 வாய்மூச்சு கொடுங்கள். மூச்சு நின்றதால் வந்த விபரீதம் என்பதால் இங்கே வாய்மூச்சு நன்றாக உதவும். தெரியாதவர்கள் போனில் இருப்பவர் சொல்வதைக் கேட்டுச் செய்யுங்கள்.

5. மூச்சு வருகிறது, ஆனால் எழவில்லை என்றால், முடிந்தவரை அறுவை செய்யாத பக்கம் கீழே வரும்படி ஒருக்களித்துப் படுக்கவைத்து முகவாயைச் சற்று உயர்த்துங்கள். வாந்தி வந்தால் புரையேறாது. பக்கத்திலிருந்து நகராதீர்கள்.

குளிர்ந்த தண்ணீர் ஊற்றுவது, காபி புகட்டுவது, தூக்கி நிறுத்தி நடக்கவைப்பது, விரலை விட்டு வாந்தி எடுக்கவைப்பது எதுவும் வேண்டாம். நேரம் போவதோடு புரையேறி இன்னொரு ஆபத்தும் வரும்.

ஒட்டுத்தாளாகத் தோலில் ஒட்டும் ஃபெண்டனில் இருந்தால் அதை உரித்துவிடுங்கள். அறுவைக்குப் பிந்தைய வலிக்குப் பொதுவாக அதைக் கொடுப்பதில்லை, ஆனால் பழைய வலிக்காக ஏற்கெனவே ஒட்டியிருப்பவர்கள் உண்டு. உரித்த பிறகும் தோலில் தங்கிய மருந்து பல மணி நேரம் இறங்கிக்கொண்டே இருக்கும் என்பதையும், காய்ச்சலோ வெந்நீர்ப் பையோ அதை வேகப்படுத்தும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நலாக்சோன் கொடுத்து ஆள் எழுந்து உட்கார்ந்துவிட்டால் ஆம்புலன்ஸை வேண்டாம் என்று சொல்லத் தோன்றும். சொல்லாதீர்கள். நலாக்சோன் 30 முதல் 90 நிமிடம்தான் தாங்கும். உடலில் இருக்கும் ஓபியாய்டு, அதுவும் நீள்வகை மாத்திரை என்றால், அதைவிட வெகுநேரம் இருக்கும். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி அதே நிலைக்குச் சரியலாம். எழுந்தவருக்கு வலி மொத்தமாகத் திரும்பியிருக்கும், வாந்தி வரும், கோபப்படுவார், ‘மாத்திரையைக் கொடு’ என்று கேட்பார். அந்த நேரத்தில் ஓபியாய்டு கொடுக்காமல், மாத்திரை அட்டையையும் நேரம் எழுதிய தாளையும் எடுத்துக்கொண்டு அவரோடு வண்டியில் ஏறுங்கள்.

குழந்தைகளுக்கு

டான்சில் அறுவைக்குப் பிறகு குழந்தைக்குக் கோடீன் கொடுக்கக் கூடாது. சிலருடைய கல்லீரல் பிறவியிலேயே கோடீனை மிக வேகமாக மார்ஃபினாக மாற்றிவிடும், யாருக்கு அப்படி என்று வெளியே பார்த்துத் தெரியாது. இப்படிக் குழந்தைகள் இறந்ததால் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2013ல் கடும் எச்சரிக்கை விடுத்தது, 2017ல் 12 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கோடீன், டிரமடால் இரண்டுமே கூடாது என்றது. பாலூட்டும் தாய் இவற்றை எடுத்தால் பால் வழியாகக் குழந்தைக்கும் போகும். குழந்தை வழக்கத்துக்கு மாறாகத் தூங்கிக்கொண்டே இருந்து, பால் குடிக்க எழாவிட்டால் உடனே காட்டுங்கள்.

வலி அடங்கிய பிறகு மிஞ்சும் மாத்திரைகளை ‘பிறகு உதவும்’ என்று அலமாரியில் போட்டுவைக்காதீர்கள். மருந்துக்கடையில் திரும்ப வாங்கிக்கொள்வார்களா என்று கேட்டுக் கொடுத்துவிடுங்கள். அதுவரை பூட்டிய இடத்தில், எண்ணிவைத்து இருக்கட்டும்.